வெறும் தண்ணீரில் வந்த வெள்ளை

நான் பிறவியிலேயே சந்தேகப் பிராணி. பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தால், தேதியைப் பார்த்துவிட்டுத்தான் பையில் வைப்பேன். கதவைப் பூட்டிவிட்டு இருமுறை இழுத்துப் பார்ப்பேன். வீட்டில் இதற்காக என்னைக் கேலி செய்யாதவர்கள் இல்லை. இந்தக் குணத்தால் எனக்கு எத்தனையோ நன்மை நடந்திருக்கிறது என்று நானே பெருமை பேசிக்கொண்டு திரிந்திருக்கிறேன். அது ஒருவனுடைய பரீட்சையைக் கெடுக்கப் பார்த்த கதையை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை.

அறுபதுகளின் தொடக்கம். நான் பி.யு.சி. படித்துக்கொண்டிருந்தேன். அய்யா முதுகுளத்தூர்ப் பக்கம் மிளகாய் போட்டுக்கொண்டிருந்தார். எங்கள் கிராமத்திலிருந்து கல்லூரிக்கு வந்தவன் நான் ஒருத்தன்தான் என்பதால் தலைக்கனம் கொஞ்சம் கூடவே வந்திருந்தது. ரசாயன லேபில் என் மேசையில் இன்னொருத்தன் நிற்பான். தங்கச்சிமடத்துப் பையன். அவனுடைய அப்பா மீன்பிடிக்கிறவர். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு சின்னச் சிலுவை. பேச்சு குறைவு, கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். இந்த இரண்டுமே எனக்கு அவன்மேல் சந்தேகம் வரப் போதுமானவையாக இருந்தன.

லேப் வகுப்புக்கு இரண்டு நோட்டு. ஒன்று ரஃப் நோட்டு. மேசையில் நின்றபடியே, கண்ணில் பட்டதைப் பட்டபடி அதில் மையால் எழுத வேண்டும். அடித்தல் திருத்தல் இருக்கலாம், அமிலம் பட்டு ஓட்டை விழலாம், ஆனால் தாளைக் கிழிக்கக் கூடாது. வகுப்பு முடியும்போது, லேபைப் பார்த்துக்கொள்ளும் ஆசிரியரான டெமான்ஸ்ட்ரேட்டர் சிவப்பு மையில் அதன் அடியில் ஒரு கிறுக்குக் கிறுக்குவார். இன்னொன்று ரெக்கார்டு. கெட்டி அட்டை, வழவழப்பான தாள். ரஃப் நோட்டில் இருப்பதை அறைக்குப் போய் அதில் அழகாக மாற்றி எழுத வேண்டும். மேலே நோக்கம்: கொடுத்த உப்பில் உள்ள கார மூலகம் எது, அமில மூலகம் எது என்று கண்டுபிடிப்பது. அதன் கீழே மூன்று பத்தி. முதல் பத்தியில் செய்த சோதனை, இரண்டாவதில் கண்டது, மூன்றாவதில் அனுமானம். கடைசியில் முடிவு, அதன் கீழே ஸ்கேல் வைத்து இரட்டைக் கோடு.

எல்லாம் ஆங்கிலத்தில்தான். அதிலும் ஒரு தனி நடை உண்டு. 'நான் எடுத்தேன், நான் பார்த்தேன்' என்று எழுதினால் அடித்துவிடுவார்கள். 'எடுக்கப்பட்டது, சூடாக்கப்பட்டது, காணப்பட்டது' என்றுதான் எழுத வேண்டும். செய்தவன் யார் என்றே தெரியாத நடை. தப்புப் பண்ணுகிறவனுக்கு இதைவிட வசதியான நடை உலகத்தில் கிடையாது.

ரெக்கார்டு முழுவதும் கையெழுத்தாகி, 'இது இன்னார் செய்த வேலைதான்' என்று சான்றும் வாங்கினால்தான் செய்முறைத் தேர்வுக்கு உள்ளே விடுவார்கள். ஒரு சோதனைக்குக் கையெழுத்து விடுபட்டாலும் சான்று கிடைக்காது. அந்த அளவுக்கு ஒரு கையெழுத்துக்கு மரியாதை இருந்தது.

டெமான்ஸ்ட்ரேட்டர் காவிரிக்கரைக்காரர். எங்கள் ஊருக்கு மாற்றலாகி வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. வந்த நாளிலிருந்து ஒரே புலம்பல், இந்த ஊர்த் தண்ணீர் கரிக்கிறது, காப்பி காப்பியாகவே இல்லை என்று. நாங்கள் அவர் முதுகுக்குப் பின்னால் சிரித்துக்கொள்வோம். ஊருணித் தண்ணீரைவிட நல்ல தண்ணீர் உலகத்தில் எங்கே இருக்கிறது என்று எங்களுக்கு நினைப்பு.

அது கார்த்திகை மாதம். நாலு நாள் அடைமழைக்குப் பிறகு வெறித்திருந்தது. அன்று எளிய உப்பு ஆய்வு. எங்கள் வகுப்பில் பன்னிரண்டு பேர், மேசைக்கு இரண்டு பேர், மேசைக்கு ஒரு பாட்டில். எங்களுக்குப் பதினேழாம் எண். உள்ளே என்ன உப்பு என்பது டெமான்ஸ்ட்ரேட்டர் பூட்டி வைத்திருந்த பட்டியலுக்குத்தான் தெரியும். பாட்டிலில் நிறமில்லாத பொடிப் பளிங்குகள் இருந்தன. அவரவர் பங்கை வாட்ச் கிளாஸ் என்ற குழிந்த கண்ணாடித் தட்டில் கொட்டிக்கொண்டோம்.

முதலில் உலர்ந்த உப்பின்மீது செய்யும் சோதனைகள். ஒரு சிட்டிகை உப்பைக் குழாயில் போட்டு, அடர்ந்த கந்தக அமிலத்தை விட்டு லேசாகச் சூடாக்க வேண்டும். உப்பில் குளோரைடு இருந்தால் காரமான நெடியோடு புகை வரும். அமோனியாவில் நனைத்த கண்ணாடிக் குச்சியைக் குழாயின் வாயருகே காட்டினால் அந்தப் புகை வெள்ளையாக அடர்ந்து சுருளும். எனக்கு ஒன்றும் வரவில்லை. குச்சியைக் காட்டினேன், மூக்கையும் காட்டினேன், ஒன்றும் இல்லை. ரஃப் நோட்டில் 'புகை இல்லை' என்று எழுதினேன்.

அடுத்து கரைசல் சோதனைகள். கார மூலகம் சிக்கலில்லாமல் கிடைத்தது. அமோனியா சேர்த்த கரைசலில் அழுகிய முட்டை நாற்றமடிக்கும் வாயுவை விட்டதும் அழுக்கு வெள்ளையாகப் படிந்தது. துத்தநாகம். பிறகு அமில மூலகம். உப்பைச் சோடியம் கார்பனேட்டோடு தண்ணீரில் கொதிக்க வைத்து, வடிகட்டி, வடிந்ததில் நுரைப்பது நிற்கும்வரை நீர்த்த நைட்ரிக் அமிலம் சேர்த்து, சில்வர் நைட்ரேட்டை இரண்டு சொட்டு விட்டேன். திரிந்த பாலாக வெள்ளை விழுந்தது. அமோனியாவை விட்டதும் கரைந்து காணாமல் போனது. குளோரைடு! எளிய உப்பில் ஒரு அமில மூலகம்தான் இருக்கும், கிடைத்துவிட்டால் நிறுத்திக்கொள்ளலாம். நான் நிறுத்திக்கொண்டேன். ஜிங்க் குளோரைடு.

பக்கத்தில் அவன் வாட்ச் கிளாஸையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏலே, இது கசியலையே."

"எது?"

"இந்த உப்புதான். இவ்வளவு ஈரக்காத்துல குளோரைடுன்னா இந்நேரம் தண்ணி விட்டிருக்கும்ல."

"உனக்கு எல்லாமே கருவாட்டு உப்புத்தான். சில்வர் நைட்ரேட்டு சொல்லிருச்சு, நீ என்ன புதுசா சொல்ல வாரே?" என்றேன்.

 அதன் பிறகு அவன் செய்தவற்றை நான் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு குழாயை நன்றாகக் கழுவினான். வாஷ் பாட்டிலிலிருந்து அதில் தண்ணீர் விட்டான். உப்பை எடுக்கவே இல்லை. வடிகட்டியதையும் தொடவில்லை. வெறும் தண்ணீரில் நைட்ரிக் அமிலத்தையும் சில்வர் நைட்ரேட்டையும் விட்டு, முதுகை எனக்குக் காட்டியபடி ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். சரிதான், டெமான்ஸ்ட்ரேட்டர் வருகிறார் என்று சோதனை செய்வதுபோலப் பாசாங்கு பண்ணுகிறான் என்று எண்ணிக்கொண்டேன்.

அதோடு விட்டானா? லேபின் கோடியில் காய்ச்சி வடித்த தண்ணீர் வைக்கும் பெரிய ஜாடி இருக்கும், வாஷ் பாட்டில்களை அதிலிருந்துதான் நிரப்புவோம். அங்கே நின்ற அட்டெண்டரிடம் போனான். அட்டெண்டரும் தங்கச்சிமடத்துக்காரர். தற்காலிக வேலை, இன்னும் நிரந்தரமாகவில்லை. இருவரும் ஞாயிற்றுக்கிழமை ஒரே கோயிலுக்குப் போகிறவர்கள், இவன் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவான். இருவரும் குசுகுசுவென்று பேசினார்கள். அட்டெண்டர் முகம் வெளுத்தது. இவன் கையால் ஏதோ சமாதானம் சொன்னான். திரும்பி வந்து, பேரியம் குளோரைடு பாட்டிலை எடுத்து, அதுவரை செய்யாத சல்பேட் சோதனையைச் செய்தான். பாட்டில் பட்டியலை வைக்கும் அலமாரியின் சாவி சில நாள் அட்டெண்டரிடம் இருக்கும் என்பது எனக்குத் தெரியும். வேறென்ன வேண்டும்? என் மனசுக்குள் வழக்கு முடிந்து தீர்ப்பும் எழுதியாகிவிட்டது.

வகுப்பு முடிவதற்குள் நானும் ஒரு காரியம் செய்தேன். மீந்த உப்பில் ஒரு சிட்டிகையைத் தாளில் மடித்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். எதற்கு என்று அப்போது எனக்கே தெரியாது. எதையாவது கையில் வைத்திருந்தால்தான் எனக்கு நிம்மதி.

மறுநாள் விடுதியில் ரெக்கார்டு எழுத உட்கார்ந்தேன். நோக்கம் எழுதினேன், நிறம், தோற்றம் எழுதினேன். மூன்றாவது வரிசையில் பேனா நின்றது. ரஃப் நோட்டில் 'புகை இல்லை' என்று இருக்கிறது. கீழே முடிவு ஜிங்க் குளோரைடு. புகை வராத குளோரைடு எப்படி வரும்? வடிகட்டியதில் குளோரைடு இருக்கிறது, உலர்ந்த உப்பில் இல்லை. ஒன்று மற்றொன்றைப் பொய் என்கிறது.

சந்தேகப் பிராணிக்கு உண்மையாகவே சந்தேகம் வந்திருக்க வேண்டிய இடம் அதுதான். அங்கே எனக்கு வரவில்லை. அமிலத்தைப் போதுமான அளவு சூடாக்கியிருக்க மாட்டேன் என்று எனக்கு நானே மன்னிப்புக் கொடுத்துவிட்டு, கண்டது என்ற பத்தியில் 'காரமான நெடியுள்ள புகை; அமோனியாக் குச்சியைக் காட்டியபோது அடர்ந்த வெண்புகை காணப்பட்டது' என்று அழகாக எழுதினேன். எதிரே அனுமானத்தில் 'குளோரைடு இருக்கலாம்'. அதன் பிறகு எல்லாம் வழுக்கிக்கொண்டு போனது. முடிவில் இரட்டைக் கோடு போட்டபோது பக்கம் கல்யாணப் பத்திரிகைபோல இருந்தது. அதிலிருந்த புகையைத்தான் நான் பார்க்கவே இல்லை.

அடுத்த வாரம் ரெக்கார்டுகளைத் திருத்திவிட்டு டெமான்ஸ்ட்ரேட்டர் எங்கள் பன்னிரண்டு பேரையும் நிற்க வைத்தார். முகம் சிவந்திருந்தது.

"பன்னிரண்டு பேர்ல பதினொரு பேருக்குக் குளோரைடு. கொடுத்தது ஆறு வேற வேற உப்பு. அதுல குளோரைடு ஒண்ணே ஒண்ணு. எல்லாருமா ஒருத்தனைப் பார்த்து எழுதினீங்களா? யாருய்யா அந்த மூலகர்த்தா?"

நாங்கள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றோம். நான் யாரையும் பார்த்து எழுதவில்லை. அவர் அப்படிக் கேட்டது எனக்குப் பெரிய அவமானமாக இருந்தது.

அவர் ஒரு ரெக்கார்டைத் தூக்கிக் காட்டினார். தங்கச்சிமடத்தானுடையது. "குளோரைடு கொடுத்த மேசையை விட்டா இது ஒண்ணுதான் சரி. ஜிங்க் சல்பேட். ஆனா இதுல சில்வர் நைட்ரேட் சோதனையே இல்லை. ஏம்ப்பா, அதைத் தாண்டித்தானே சல்பேட்டுக்கு வரணும்? செய்யாம எப்படி வந்தே?"

"செஞ்சேன் சார்."

"செஞ்சா எங்கே? ரஃப் நோட்டைக் கொண்டா."

"ஊர்ல விட்டுட்டு வந்துட்டேன் சார்."

பொய். காலையில்தான் அவன் பையில் அதை நான் பார்த்தேன். எனக்கு ரத்தம் கொதித்தது. நான் பார்த்து எழுதினவனாம், இவன் யோக்கியனா?

"சார்," என்றேன். "இவர் உப்பே போடாமத்தான் அந்தச் சோதனையைப் பண்ணினார். வெறும் தண்ணியை வச்சுப் பாசாங்கு. நான் பார்த்தேன். அப்புறம் அட்டெண்டர்கிட்டப் போய்க் குசுகுசுன்னு பேசிட்டு வந்துதான் சல்பேட்டுக்குப் போனார்."

 அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். கோபம்கூட இல்லை அந்தப் பார்வையில். எதையோ சொல்லவந்து விழுங்கியது தெரிந்தது. அதையும் நான் குற்றத்துக்கு அத்தாட்சியாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

"அட்டெண்டர்கிட்ட என்ன கேட்டே?" என்றார் டெமான்ஸ்ட்ரேட்டர்.

"ஒண்ணுமில்ல சார்."

"பட்டியலைக் கேட்டியா?"

"இல்ல சார்."

"அப்போ எப்படித் தெரிஞ்சுது?"

 டெமான்ஸ்ட்ரேட்டர் அவன் ரெக்கார்டை மேசையில் போட்டார். "எப்படி இந்த முடிவுக்கு வந்தேன்னு சொல்ற வரைக்கும் இதுல கையெழுத்து இல்லை. கையெழுத்து இல்லைன்னா சான்றும் இல்லை. பரீட்சைக்கு உன் இஷ்டம்." மற்றவர்களுக்கு மறுபடி செய்யச் சொல்லி மன்னித்துவிட்டார்.

அன்று சாயங்காலம் எனக்கு நன்றாகப் பசித்தது, நன்றாகவும் சாப்பிட்டேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் நடந்தது.

ஒரு வாரம் கழித்து, விடுதியில் சலவைக்குப் போடச் சட்டையை எடுத்தேன். பையில் அந்தத் தாள் மடிப்பு. பிரித்துப் பார்த்தேன். இரண்டு வாரம் மழைக்காலத்து ஈரக்காற்றில் கிடந்தும் பளிங்குகள் உலர்ந்து பொலபொலவென்று உதிர்ந்தன. எங்கள் சாப்பாட்டு மேசையில் இருந்த கல்லுப்போ கிண்ணத்தின் அடியில் தண்ணீராக நின்றது. லேபில் ஜிங்க் குளோரைடு பாட்டிலை நான் பார்த்திருக்கிறேன். மூடியைச் சரியாகப் போடாவிட்டால் ஒரே நாளில் கூழாகிவிடும். 'இது கசியலையே' என்று அவன் சொன்னது காதில் விழுந்தது. இந்த முறை நிஜமாகவே விழுந்தது.

புகை வராத குழாய் நினைவுக்கு வந்தது. உப்பு கசியவில்லை, புகை வரவில்லை. அப்படியானால் அதில் குளோரைடே இல்லை. இல்லாத குளோரைடு என் குழாய்க்குள் எங்கிருந்து வந்தது? உப்பைத் தவிர நான் அதில் விட்டது என்னென்ன என்று விரலை மடக்கி எண்ணினேன். கடைசி விரல் தண்ணீருக்கு.

மறுநாள் மத்தியானம், வகுப்பு இல்லாத நேரத்தில் லேபுக்குப் போனேன். புதுக் குழாய் ஒன்றை எடுத்து, வாஷ் பாட்டிலிலிருந்து வெறும் தண்ணீரை விட்டேன். நைட்ரிக் அமிலம் சில துளி, சில்வர் நைட்ரேட் இரண்டு சொட்டு. திரிந்த பாலாக வெள்ளை விழுந்தது. ஒரு துளி உப்பும் போடாமல்.

அவன் செய்தது பாசாங்கு இல்லை. எங்கள் பன்னிரண்டு பேரில் ஒருத்தன்தான் உண்மையாகச் சோதனை செய்திருக்கிறான். அதைத்தான் நான் எழுந்து நின்று குற்றமாகச் சாட்சி சொல்லியிருக்கிறேன்.

"பாத்துட்டியா?" என்று பின்னால் குரல் கேட்டது. அவன்தான். ரெக்கார்டைத் திரும்பக் கேட்டு வந்திருக்க வேண்டும்.

"ஏலே, நீ ஏன் அன்னைக்கே சொல்லல?"

"எதைச் சொல்லச் சொல்றே? தண்ணி வடிக்கிற கொதிகலன் மூட்டு விட்டுப்போச்சு. மாமா, ஆபீஸ்ல சொன்னா நீதான் உடைச்சேன்னு வேலையைவிட்டு அனுப்பிருவாகன்னு பயந்து, ஊருணித் தண்ணியைக் கொண்டாந்து ஜாடியில ஊத்தியிருக்காரு. நல்ல தண்ணிதானேன்னு நெனச்சு. நான் கேட்டதும் கையெடுத்துக் கும்பிட்டாரு. நாலு புள்ளைக அவருக்கு."

"ரஃப் நோட்டுல?"

பையிலிருந்து எடுத்துக் காட்டினான். சிவப்பு மைக் கிறுக்கலுக்கு மேலே, தெளிவாக: வெறும் தண்ணீர், சில்வர் நைட்ரேட், வெள்ளை. அதன் கீழே: வெறும் தண்ணீர், பேரியம் குளோரைடு, லேசான கலங்கல்; உப்போடு, கெட்டியான வெள்ளை, அமிலத்தில் கரையவில்லை. ரெக்கார்டில் மாற்றி எழுதும்போது தண்ணீரைப் பற்றிய வரிகளை எடுத்துவிட்டிருக்கிறான். நான் காணாததைச் சேர்த்தேன். அவன் கண்டதை விட்டான். அவன் விட்டது ஒரு மனிதனுக்காக. நான் சேர்த்தது எனக்காக.

"நான் போய் சாரிட்ட சொல்றேன்."

"தண்ணியப் பத்திச் சொல்லாத," என்றான். "சொல்ற மாதிரின்னா போகவே போகாத. பரீட்சைய நான் அடுத்த வருசம் எழுதிக்கிறேன்."

அடுத்த வருடம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். அடுத்த வருடம் அவன் அப்பாவோடு மீன்பிடி வள்ளத்தில் இருப்பான்.

தண்ணீரைச் சொல்லாமல் அவனைக் காப்பாற்ற ஒரே வழிதான் இருந்தது. எனக்குச் சுத்தமாகப் பிடிக்காத வழி. என் ரஃப் நோட்டை எடுத்துக்கொண்டு டெமான்ஸ்ட்ரேட்டர் அறைக்குப் போனேன். அவன் வாசலிலேயே நின்றுவிட்டான்.

"சார், அவர் பட்டியலைப் பார்க்கலை. பார்க்காமலே சல்பேட்டுன்னு கண்டுபிடிச்சிருக்க முடியும். உலர்ந்த சோதனையிலயே குளோரைடு இல்லைன்னு தெரிஞ்சுபோச்சு. எனக்கும் தெரிஞ்சுது. இங்கன பாருங்க."

அவர் ரஃப் நோட்டைப் பார்த்தார். என் ரெக்கார்டை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒன்றில் 'புகை இல்லை', அடியில் அவருடைய சிவப்பு மை. இன்னொன்றில் அடர்ந்த வெண்புகை.

"நீ பார்க்காத புகையை எதுக்குய்யா எழுதினே?"

"முடிவுக்கு ஒத்துவரலை சார்."

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. கொஞ்ச நேரம் இரண்டு நோட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "சரி, உப்புல குளோரைடு இல்லை. அப்போ சில்வர் நைட்ரேட்டுல விழுந்தது என்ன?" என்றார்.

"குழாய் சரியாக் கழுவலை போல சார்."

"பதினொரு பேரும் கழுவலையா?" எழுந்தார். நேராக லேபின் கோடிக்குப் போய், ஜாடிக் குழாயைத் திறந்து உள்ளங்கையில் தண்ணீர் பிடித்து ஒரு வாய் வைத்தார். முகம் கோணியது. "கரிக்குது!"

அட்டெண்டர் சுவரோடு சுவராக ஒட்டி நின்றார். அங்கிருந்தே சொன்னார்: "கரிக்காதுங்க சார். நல்ல தண்ணிதாங்க. கொதிகலன் மூட்டு விட்டுப்போச்சுங்க, ஊருணித் தண்ணியை நான் குடிச்சுப் பாத்துட்டுத்தான் ஊத்தினேன்."

டெமான்ஸ்ட்ரேட்டர் என்னைப் பார்த்து, "நீ குடி" என்றார். குடித்தேன். "எப்படி இருக்கு?"

"இனிப்பா இருக்கு சார்," என்றேன். சத்தியமாக இனிப்பாகத்தான் இருந்தது. வாசலில் நின்றவனையும் கூப்பிட்டுக் குடிக்க வைத்தார். அவனும் தலையாட்டினான். அவர் எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஆறு மாதமாக இந்த ஊரில் காப்பி குடிக்க முடியாமல் தவித்த மனிதர், திடீரென்று சிரித்துவிட்டார்.

"மழைத் தண்ணியைப் பிடிச்சு ஊத்தியிருந்தாலாவது தப்பிச்சிருப்பீர் ஐயா! நாலு நாள் கொட்டிச்சே." பிறகு குரலைத் தாழ்த்தி, "மூட்டு தேய்ஞ்சு விட்டுப்போச்சுன்னு நான் எழுதிக்கிறேன். யாரும் உடைக்கலை. இனிமே எதுன்னாலும் என்கிட்டச் சொல்லும்," என்றார். அட்டெண்டர் தோளில் கிடந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

தங்கச்சிமடத்தான் ரெக்கார்டில் தண்ணீரைப் பற்றிய வரிகளை இடப்பக்கத்தில் சேர்த்து எழுதச் சொன்னார். அவன் அங்கேயே நின்று எழுதினான். அவர் பக்கத்தின் அடியில் முழுக் கையெழுத்தாகவே போட்டார். என் ரெக்கார்டுப் பக்கத்தில் மூலைக்கு மூலை ஒரு சிவப்புக் கோடு. "புதுசா எழுதிக் கொண்டா. கண்டதுன்னா கண்டது மட்டும்," என்றார். அந்தச் சிவப்புக் கோட்டை மறைக்க வழியில்லை. பரீட்சைக்கு வந்த வெளியூர் ஆசிரியர் அதைப் புரட்டி, என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் மூடினார்.

அவன் பரீட்சை எழுதினான், என்னைவிட நல்ல மதிப்பெண் வாங்கினான். அதில் எனக்கு நிஜமான சந்தோஷம்தான்.

ஆனால் அந்தப் பரீட்சைக்கு முன்னால், மன்னிப்புக் கேட்டாயிற்று, எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டிருந்த ஒரு நாள். ஒரே மேசை, பழைய இடம். என் பங்குக்கு நான் நாலு சோதனைக்குழாய்களைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவி, புதிதாக வடித்த தண்ணீரில் அலசி, அவன் பக்கம் நீட்டினேன். "இந்தா, சுத்தமாயிருக்கு," என்றேன்.

அவன் சிரித்த முகமாகத்தான் வாங்கிக்கொண்டான். "சரிலே," என்றான். பிறகு என் கண் முன்னாலேயே நாலையும் மறுபடி அலசினான். ஒன்றில் மட்டும் கொஞ்சம் வெறும் தண்ணீரை விட்டு, சில்வர் நைட்ரேட்டை இரண்டு சொட்டு விட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். அதில் ஒன்றும் விழவில்லை. அதன் பிறகுதான் உப்பை எடுத்தான். அந்த வருடம் முடியும்வரை, நான் கழுவிக் கொடுத்த ஒரு குழாயையும் அவன் அப்படிப் பார்க்காமல் தொட்டதில்லை.